சான்றிதழ் மொழிபெயர்ப்பில் பெயர்: எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது

தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழையோ திருமணச் சான்றிதழையோ ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும்போது தேதி, பதிவு எண், பாலினம் எல்லாம் பெரும்பாலும் சிக்கலில்லாமல் வந்துவிடும். தகராறு வருவது பெயரில்தான். பாஸ்போர்ட்டில் Keerthiga என்று இருக்கும், மொழிபெயர்ப்பில் Keerthika என்று இருக்கும். தமிழ் தெரிந்தவர் இரண்டையும் ஒரே பெயராகத்தான் வாசிப்பார். ஆனால் அந்தத் தாளைக் கையில் எடுக்கும் அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவர் பார்ப்பது ஆங்கில எழுத்துகளை மட்டும்தான். ஓர் எழுத்து மாறியிருந்தால் இது வேறு ஆளோ என்று கேட்பது அவருடைய வேலை.

இதற்கு எளிய தீர்வு ஒன்று உடனே தோன்றும்: பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே மொழிபெயர்ப்பிலும் போட்டுவிட்டால் போயிற்று. பாதிப் பெயர்களுக்கு இதுதான் சரியான வழி. மீதிப் பெயர்களில் இதுவே பெரிய தவறு. எந்தப் பெயர் எந்தப் பக்கம் சேரும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் பெயர் சரிபார்ப்பின் உண்மையான வேலை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஒரே பெயருக்கு ஏன் இத்தனை ஆங்கில வடிவங்கள்

தமிழில் ஓர் எழுத்துக்குப் பல ஒலிகள் உண்டு. 'க' என்ற எழுத்து கண்ணனில் k, கணேசனில் g, மகேஷில் h. 'ப' பழனியில் p, பாலுவில் b. 'த' இன்னும் மோசம்: th, t, d, dh நான்கும் புழக்கத்தில் இருக்கின்றன. தனலட்சுமி என்ற பெயரை Dhanalakshmi, Danalakshmi, Thanalakshmi, Dhanalaxmi என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். மலேசியத் தமிழர்களிடையே Letchumi என்ற எழுத்துக்கூட்டல் பரம்பரையாக வருகிறது. இவற்றில் எதையும் தவறு என்று சொல்ல முடியாது.

மறுபக்கம், ஆங்கிலத்தில் ஓர் எழுத்து தமிழின் பல எழுத்துகளைச் சுமக்கிறது. ல, ள இரண்டுக்கும் l. சில சமயம் ழ-வுக்கும் அதுவே: கனிமொழி Kanimozhi ஆகவும் வரும், Kanimoli ஆகவும் வரும். ந, ன, ண மூன்றுக்கும் n. குறில் நெடில் வேறுபாடு பாதி நேரம் காணாமல் போய்விடுகிறது. ஆக, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது பல வழிகள் இருக்கின்றன. திரும்பி வரும்போது கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்வோம் என்ற உறுதி இல்லை.

ஒழுங்கான எழுத்துப்பெயர்ப்பு முறை இல்லாமல் இல்லை. 2001-இல் வெளியான ISO 15919 என்ற தரநிலை ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனித்தனி உரோமன் குறியைத் தருகிறது. அதன்படி கனிமொழி Kaṉimoḻi. திரும்பத் தமிழுக்கு மாற்றினாலும் ஓர் எழுத்துகூடப் பிசகாது. நூலகத்திலும் ஆராய்ச்சியிலும் இதற்கு நல்ல பயன் உண்டு. சான்றிதழுக்கு இது உதவாது. பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் இரண்டு வரிகளில் A முதல் Z வரையிலான எழுத்துகள், எண்கள், < என்ற நிரப்புக் குறி ஆகியவை மட்டும்தான் வரலாம் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி. அதைவிட முக்கியம், தன் பெயரை Kaṉimoḻi என்று எழுதி எந்த விண்ணப்பத்திலும் யாரும் கையெழுத்துப் போட்டதில்லை.

அதனால் ஒரு பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை எந்த இலக்கண விதியும் முடிவு செய்வதில்லை. அந்தப் பெயருக்கு உரியவர் எப்போதோ ஒரு படிவத்தில் எழுதிவிட்டார், அது பாஸ்போர்ட்டுக்கும் பட்டத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் போய்விட்டது. அதுதான் அவருடைய ஆங்கிலப் பெயர். மொழிபெயர்ப்பாளர் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் மாறிப் போன மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்காமல் செய்யப்பட்டவை.

இரண்டு ஒப்பீடுகள், இரண்டு கேள்விகள்

மொழிபெயர்ப்பில் உள்ள ஒவ்வொரு பெயரையும் இரண்டு தாள்களோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. ஒன்று தமிழ் மூலம், இன்னொன்று பாஸ்போர்ட் போன்ற அடையாள ஆவணம். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்க முயன்றால் குழப்பம்தான் மிஞ்சும். வரிசை முக்கியம். முதலில் மூலம், அப்புறம்தான் பாஸ்போர்ட்.

மூலத்தோடு ஒப்பிடும்போது கேட்க வேண்டிய கேள்வி: இந்தத் தமிழ் எழுத்துகளிலிருந்து இந்த ஆங்கில எழுத்துகள் பிறக்க முடியுமா? சண்முகம் என்பதிலிருந்து Shanmugam, Sanmugam, Shunmugam எல்லாம் பிறக்கும். Shanmugan பிறக்காது, ஏனென்றால் மூலத்தில் 'ம்' இருக்கிறது, 'ன்' இல்லை. Shanmugasundaram பிறக்காது, ஏனென்றால் 'சுந்தர' என்ற எழுத்துகளே அங்கு இல்லை.

பாஸ்போர்ட்டோடு ஒப்பிடும்போது கேள்வி வேறு: பிறக்கக்கூடிய பல வடிவங்களில் அவர் புழங்கும் வடிவம் எது?

இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்தால் முடிவு தானாக வந்துவிடும். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டல் மூலத்தின் எழுத்துகளிலிருந்து பிறக்கக்கூடியது என்றால், அதையே மொழிபெயர்ப்பில் போடலாம், போட வேண்டும். அது திருத்தம் ஆகாது, இருக்கும் வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான். பிறக்கக்கூடியது அல்ல என்றால், மூலத்தில் உள்ளதை எழுத வேண்டும். பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லையே என்று மாற்றக்கூடாது. அங்கே வேறுபாடு மொழிபெயர்ப்பில் இல்லை, மூலச் சான்றிதழிலேயே இருக்கிறது. அதை மொழிபெயர்ப்பில் மறைப்பது, மூலத்தில் இல்லாத ஒன்றை இருப்பதாகக் கையெழுத்திட்டுச் சொல்வதாகும். அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குத் தரும் மொழிபெயர்ப்பில், இது முழுமையானது, சரியானது, இந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் தகுதி எனக்கு உண்டு என்று மொழிபெயர்ப்பாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். மற்ற பல இடங்களிலும் இதே போன்ற உறுதிமொழி கேட்கிறார்கள். அந்த உறுதிமொழி பெயர்களுக்கும் சேர்த்துத்தான்.

இரண்டுக்கும் நடுவில் தொங்கும் பெயர்கள் சில உண்டு. மூலத்தில் இராமசாமி, பாஸ்போர்ட்டில் Ramasamy. தமிழ் மரபில் சொல் முதலில் ர, ல வராது என்பதால் முன்னால் இகரம் சேர்த்து எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அந்த இகரத்தை விட்டுவிடுவது எல்லாரும் அறிந்த வழக்கம். இங்கே தயங்க வேண்டியதில்லை. மூலத்தில் கந்தசாமி, பாஸ்போர்ட்டில் Kandaswamy என்றால்? தமிழில் 'வ' இல்லை. ஆனாலும் சாமி என்ற சொல்லுக்கு swamy என்பது ஆங்கிலத்தில் நெடுங்காலமாக நிலைத்துவிட்ட வடிவம் என்பதால் நான் ஏற்றுக்கொள்வேன். மூலத்தில் செல்வராசு, பாஸ்போர்ட்டில் Selvaraj என்றால் ஏற்றுக்கொள்ள மாட்டேன். அங்கே மெய்யும் மாறியிருக்கிறது, கடைசி உயிரும் போயிருக்கிறது. Selvarasu என்று எழுதிக் குறிப்புப் போடுவதுதான் நேர்மை. சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உதவும்: பாஸ்போர்ட் வடிவத்தை வாய்விட்டுப் படித்து, அதைக் கேட்கிற தமிழர் ஒருவர் மூலத்தில் உள்ளபடி எழுதுவாரா என்று யோசித்துப் பார்க்கலாம். Kandaswamy என்று கேட்டால் கந்தசாமி என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். Selvaraj என்று கேட்டால் செல்வராசு என்று எழுதுகிறவர் அரிது.

ஒரு பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்வோம்

முழுவதும் தமிழில் உள்ள ஒரு பிறப்புச் சான்றிதழ் என்று வைத்துக்கொள்வோம். குழந்தையின் பெயர் சு. கீர்த்திகா. தந்தை கோ. சுப்ரமணியம். தாய் வள்ளியம்மாள். மொழிபெயர்ப்பின் முதல் படியில் வந்திருப்பவை இவை:

```
Name of child : S. Keerthika
Father        : K. Subramanian
Mother        : Valli
```

வீட்டார் கொடுத்த பாஸ்போர்ட் நகல்களில் இருப்பவை: மகளுக்குப் பெயர் KEERTHIGA, குடும்பப் பெயர் SUBRAMANIAM. தந்தைக்குப் பெயர் SUBRAMANIAM, குடும்பப் பெயர் GOVINDASAMY. தாய்க்குப் பெயர் VALLI, குடும்பப் பெயர் SUBRAMANIAM.

குழந்தையின் பெயரில் தொடங்கலாம். கீர்த்திகாவின் கடைசி 'கா' உச்சரிப்பில் g ஒலியோடு வருகிறது. k என்று எழுதுவதும் பரவலான வழக்கம். இரண்டும் பிறக்கக்கூடியவை. பாஸ்போர்ட்டில் g இருப்பதால் Keerthiga என்று மாற்றலாம், எந்தக் குறிப்பும் வேண்டாம். ஆனால் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு Keerthiga Subramaniam என்று விரித்து எழுதும் ஆசை வரும். அது கூடாது. மூலத்தில் தலைப்பெழுத்துதான் இருக்கிறது, எனவே S. Keerthiga என்றே நிற்க வேண்டும். S என்பது Subramaniam என்று அதிகாரி தெரிந்துகொள்ள, அதே சான்றிதழில் தந்தை பெயர் இருக்கிறது.

தந்தையின் பெயரில் இருப்பது வேறு வகைப் பிழை. மூலத்தில் சுப்ரமணியம், மகர மெய்யில் முடிகிறது. மொழிபெயர்த்தவர் கை பழக்கத்தில் Subramanian என்று எழுதிவிட்டது. சுப்ரமணியன், சுப்ரமணியம், சுப்பிரமணி மூன்றும் தமிழில் வெவ்வேறு பெயர்களாகவே பதிவாகின்றன. எனவே இது பாஸ்போர்ட்டைக் கொண்டுவராமலேயே பிடிபட வேண்டிய தவறு. மூலத்தோடு ஒப்பிடுவதை முதலில் வைத்துக்கொள்ளச் சொன்னதற்குக் காரணம் இதுதான். பாஸ்போர்ட்டில் தற்செயலாக Subramanian என்றே இருந்திருந்தால், அதோடு மட்டும் ஒப்பிட்டவர் எல்லாம் சரி என்று விட்டிருப்பார். மூலத்தில் உள்ள வேறுபாடு யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும்.

அடுத்து அவருடைய தலைப்பெழுத்து. தமிழில் 'கோ.' என்று உயிர்மெய்யாக எழுதுகிறோம். இது கோவிந்தசாமியாகவும் இருக்கலாம், கோதண்டமாகவும் இருக்கலாம். முன்னதற்கு G, பின்னதற்கு K. இந்தச் சான்றிதழில் தாத்தாவின் பெயர் இல்லாததால் மூலத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. மொழிபெயர்த்தவர் K என்று ஊகித்திருக்கிறார். பாஸ்போர்ட்டில் GOVINDASAMY இருப்பதால் G. Subramaniam என்று திருத்த வேண்டும். தலைப்பெழுத்தை யாரும் பெயராகவே நினைப்பதில்லை, அதனால் இங்கே ஊகம் எளிதாக நுழைந்துவிடுகிறது. க, ச, ட, த, ப என்ற ஐந்து வரிசைகளில் தொடங்கும் எந்தத் தலைப்பெழுத்தையும் வீட்டாரிடம் கேட்காமல் எழுதக்கூடாது. ஞா. என்றால் பெரும்பாலும் G, ஞானம் என்பதை Gnanam என்று எழுதும் வழக்கத்தால். ஆனால் அதிலும் N வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

தாயின் பெயர்தான் கடினமானது. மூலத்தில் வள்ளியம்மாள். பாஸ்போர்ட்டில் VALLI. வீட்டில் எல்லாரும் அவரை வள்ளி என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள், பாஸ்போர்ட் எடுக்கும்போதும் அதையே கொடுத்திருப்பார்கள். மொழிபெயர்த்தவர் நல்லெண்ணத்தோடு Valli என்று போட்டிருக்கிறார். அது தவறு. 'அம்மாள்' என்ற நான்கு எழுத்துகள் மூலத்தில் இருக்கின்றன, அவை மொழிபெயர்ப்பில் இல்லை. Valliammal என்று எழுதியாக வேண்டும். எழுத்துக்கூட்டலில் Valliyammal, Valliammal என்று தேர்வுக்கு இடமுண்டு. முன்பாதி பாஸ்போர்ட்டில் உள்ள VALLI என்பதோடு ஒத்திருக்கும்படி Valliammal என்று எழுதலாம். அதற்குமேல் மொழிபெயர்ப்பாளரால் செய்ய முடிவது எதுவும் இல்லை. வள்ளியம்மாளும் வள்ளியும் ஒருவரே என்று சொல்வது அவர் வேலை அல்ல, அது அவருக்குத் தெரிந்த விஷயமும் அல்ல.

திருத்திய பிறகு அந்த மூன்று வரிகள் இப்படி நிற்கும்:

```
Name of child : S. Keerthiga
Father        : G. Subramaniam
Mother        : Valliammal
```

தாயின் பெயர் வேறுபாட்டை வீட்டார் தனியே தீர்க்க வேண்டும். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுப்பது ஒரு வழி. சான்றிதழைப் பதிவு அலுவலகத்திலேயே திருத்தி வாங்குவது இன்னொரு வழி. எது ஏற்கப்படும் என்பதை விண்ணப்பத்தைப் பெறும் அலுவலகம்தான் சொல்ல முடியும். எந்த வழியாக இருந்தாலும் மொழிபெயர்ப்பு உண்மையாக இருந்தால்தான் அது செல்லும். மொழிபெயர்ப்பில் Valli என்று போட்டுவிட்டு, பிறகு உறுதிமொழியில் 'வள்ளியம்மாள் என்கிற வள்ளி' என்று எழுதினால், இரண்டு தாள்களும் ஒன்றையொன்று பொய்யாக்கும்.

மூலத்தைப் படிப்பதிலேயே வரும் தவறுகள்

இதுவரை சொன்னது, மூலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லாத பெயர்களைப் பற்றி. பல சான்றிதழ்களில் அந்த நிச்சயமே கிடைப்பதில்லை.

கட்டம் போட்ட படிவத்தில் பெயர் தனியாக நிற்கும். வாரிசுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் போன்றவை வாக்கியமாக எழுதப்படுபவை. அங்கே பெயர் வேற்றுமை உருபோடு ஒட்டிக்கொண்டு வரும். 'செல்வத்தின் மகன்' என்றால் தந்தை பெயர் செல்வம், 'செல்வனின் மகன்' என்றால் செல்வன். இது தமிழ் தெரிந்தவருக்குக் குழப்பமில்லை, ஆனால் அவசரத்தில் இரண்டையும் Selvan என்று எழுதிவிடுவார்கள். உண்மையாகவே பிரிக்க முடியாத இடங்களும் உண்டு. 'செல்வராஜுக்கும்' என்று ஒரு திருமணச் சான்றிதழில் வந்தால், அடிப்படைப் பெயர் செல்வராஜ் என்பதா, செல்வராஜு என்பதா? இரண்டோடும் 'கு' உருபு சேரும்போது ஒரே வடிவம்தான் வரும். இப்படிப்பட்ட இடத்தில் அதே தாளில் அந்தப் பெயர் உருபில்லாமல் வேறெங்காவது வருகிறதா என்று தேட வேண்டும். கையெழுத்து வரி, சாட்சி வரி, தலைப்பு ஆகியவற்றில் பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் பாஸ்போர்ட் வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் இரண்டுமே மூலத்தில் அடங்கியவை.

த/பெ, க/பெ என்ற சுருக்கங்களும் கவனிக்க வேண்டியவை. த/பெ என்றால் தந்தை பெயர், அவ்வளவுதான். அதில் மகனா மகளா என்ற தகவல் இல்லை. ஆங்கிலத்தில் S/o, D/o என்று எழுதும்போது அந்தத் தகவலை நாம் சேர்க்கிறோம். பெயரைப் பார்த்து ஊகித்துச் சேர்த்தால், சாந்தி, மணி, செல்வம் போன்ற பெயர்களில் ஊகம் தவறிப்போகும். இதே போல 'செல்வி மாலதி' என்று வந்தால் செல்வி என்பது மணமாகாத பெண்ணுக்கான அடைமொழியா, பெயரின் முதல் பகுதியா என்று கேட்டே ஆக வேண்டும். 'செல்வி' என்ற பெயரும் நம்மிடம் ஏராளம்.

கையால் எழுதிய பழைய சான்றிதழ்கள் இன்னொரு உலகம். தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய தாள்களில் ணா, றா, னா ஆகியவை தனிச்சுழி உள்ள ஒற்றை எழுத்துகளாகவும், ணை, லை, ளை, னை ஆகியவை முன்னால் கொம்பு வளைந்த வடிவங்களாகவும் இருக்கும். பழகாத கண்ணுக்கு இவை வேறு எழுத்தாகவே தெரியும். புள்ளி வைக்காமல் எழுதும் கை இன்னும் தொல்லை தரும். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும் கையெழுத்துகளும் உண்டு. இந்த இடங்களில் பாஸ்போர்ட் ஒரு சாட்சிதான், தீர்ப்பு அல்ல. பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு மூலத்துக்குத் திரும்பினால், மங்கலான கோடுகளில் நமக்கு வேண்டிய பெயரே தெரிய ஆரம்பித்துவிடும். எனவே முதலில் மூலத்தை மட்டும் வைத்துப் படித்து, தெரிந்ததைத் தமிழிலேயே எழுதி வைத்துக்கொண்டு, பிறகு பாஸ்போர்ட்டைத் திறப்பது நல்லது. ஓர் எழுத்து படிக்கவே முடியவில்லை என்றால் படிக்க முடியவில்லை என்றே மொழிபெயர்ப்பில் சொல்லலாம்.

கணினியில் அச்சான சான்றிதழிலும் ஒரு பொறி இருக்கிறது. கௌசல்யா என்பதைக் கெளசல்யா என்று, ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் கொம்பும் ளகரமும் போட்டுத் தட்டச்சு செய்திருப்பார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் ஒரு பெயரைத் தாளின் மென்படியில் தேடினால் அகப்படாது, எழுத்துகளைத் தானாக மாற்றும் நிரலில் கொடுத்தால் Kelasalya என்று வரும். இது எழுத்துரு சார்ந்த தட்டச்சுப் பழக்கம், பெயர் வேறுபாடு அல்ல. Kowsalya, Kousalya எது பாஸ்போர்ட்டில் இருக்கிறதோ அதையே போடலாம்.

மூலத்திலேயே ஆங்கிலம் இருந்தால்

இருமொழிச் சான்றிதழ்கள் இப்போது அதிகம். தமிழ்ப் பெயருக்குக் கீழே ஆங்கிலத்திலும் பெயர் அச்சாகியிருக்கும். அப்போது நான் மேலே சொன்ன தேர்வு உரிமை முழுவதும் போய்விடுகிறது. அந்த ஆங்கிலப் பெயர் மூலத்தின் ஒரு பகுதி. அதில் Keerthika என்று இருந்தால் பாஸ்போர்ட்டில் என்ன இருந்தாலும் மொழிபெயர்ப்பில் Keerthika தான். அச்சுப் பிழையாக Keerhtika என்று இருந்தாலும் அப்படியே எழுதி, மூலத்தில் உள்ளபடி என்று அடைப்புக்குறியில் குறிக்க வேண்டும். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் மூல நகலில் உள்ள ஆங்கில வரி தெரியும். அவர் முதலில் ஒப்பிடுவதே அதைத்தான்.

பதிவாளர், மருத்துவர், சாட்சிகள் பெயர்களுக்கும் இதே ஒழுங்கு. முத்திரையில் ஆங்கிலப் பெயர் இருந்தால் அதை எழுத வேண்டும். இல்லாவிட்டால் உச்சரிப்புக்கு நெருக்கமான எளிய வடிவம் போதும், அவர்களுடைய பாஸ்போர்ட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் ஒரே பதிவாளர் பெயர் தாளில் இரண்டு இடத்தில் வந்தால் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பங்களில் ஒரு கூடுதல் கவனம் தேவை. இருவருக்கும் தமிழில் சந்திரசேகரன் என்றே இருக்கலாம். தாத்தாவின் பாஸ்போர்ட்டில் Chandrasekaran, பேரனுடையதில் Chandrasekharan. ஒரே தாளில் ஒரே தமிழ்ப் பெயருக்கு இரண்டு ஆங்கில வடிவங்கள் வருவது பிழை போலத் தெரியும், ஆனால் அதுதான் சரி. எழுத்துக்கூட்டல் ஆளோடு போகிறது, பெயரோடு அல்ல.

சரிபார்க்கும் முறையும் குறிப்பும்

வேலை முடிந்த மொழிபெயர்ப்பைத் தொடக்கம் முதல் கடைசி வரை வாசித்துப் பெயர்ப் பிழையைப் பிடிக்க முடியாது. தெரிந்த பெயரைக் கண் முழுதாக விழுங்கிவிடும். எனக்கு நம்பகமாகத் தெரிந்த வழி, பெயர்களை மட்டும் ஒரு தனித்தாளில் பிரித்தெடுப்பது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி. அதில் மூலத்தில் உள்ள தமிழ் வடிவம், அடையாள ஆவணத்தில் உள்ள ஆங்கில வடிவம், மொழிபெயர்ப்பில் போட முடிவு செய்த வடிவம், அந்தப் பெயர் வரும் இடங்கள். பிறகு இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் தமிழைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் மொழிபெயர்ப்பில் உள்ளதை எழுத்தெழுத்தாக, s, u, b, r, a என்று சொல்ல வேண்டும். தனியாகச் செய்பவர் பெயரைக் கடைசி எழுத்திலிருந்து முன்னோக்கிப் படிக்கலாம். ன்-ம் குழப்பம் கடைசியில்தான் இருக்கும் என்பதால் அது உடனே அகப்படும். கடைசியாக, முடிவு செய்த வடிவத்தைக் கணினியில் தேடி, எத்தனை இடத்தில் வர வேண்டுமோ அத்தனை இடத்தில் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

பாஸ்போர்ட்டிலிருந்து எடுக்கும்போது படத்துக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் பெயரை எடுக்க வேண்டும், அடியில் உள்ள இயந்திர வரியை அல்ல. அந்த வரியில் பெயருக்கு 39 இடங்கள்தான். நீண்ட தமிழ்ப் பெயர்கள் அதில் வெட்டுப்படும்.

மொழிபெயர்ப்பாளர் குறிப்பு தேவைப்படும் இடங்கள் குறைவு. தேவைப்பட்டால் அது மூலத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். தாயின் பெயருக்கு இப்படி எழுதலாம்:

```
Translator's note: The mother's name appears in the
original as "வள்ளியம்மாள்" (Valliammal).
```

இவரே பாஸ்போர்ட்டில் உள்ள வள்ளி என்றோ, இது பதிவாளரின் பிழை என்றோ அதில் சேர்க்கக்கூடாது. எழுத்துக்கூட்டல் பாஸ்போர்ட்டைப் பின்பற்றியது என்று சொல்ல வேண்டியிருந்தால், எந்தப் பெயருக்கு என்பதைக் குறிப்பிட்டுச் சொல்லலாம். பொத்தாம்பொதுவாக எல்லாப் பெயர்களும் பாஸ்போர்ட்டின்படி என்று எழுதினால், மூலத்தைப் பார்த்தே எழுதவில்லையோ என்ற சந்தேகம் வரும்.

முத்திரையிட்ட பிறகு பிழை தெரிந்தால் பேனாவால் அடித்துத் திருத்தாமல், முழுப் பக்கத்தையும் மறுபடி அச்சிட்டுப் புதிய தேதியோடு கையெழுத்திட வேண்டும். வீட்டார் மூலச் சான்றிதழையே பதிவு அலுவலகத்தில் திருத்தி வாங்கிவந்தாலும் இதேதான். திருத்திய தாளில் வழங்கிய தேதி மாறியிருக்கும், சில சமயம் வழங்கிய அதிகாரியின் பெயரும் மாறியிருக்கும். பழைய மொழிபெயர்ப்பில் தாயின் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் மற்ற இரண்டும் இடிக்கும். புதிய மூலத்தை முதல் வரியிலிருந்து எடுத்து, பெயர்த் தாளையும் புதிதாகப் போட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும்.